எட்டு முப்பத்தைந்துக்கும் எட்டு ஐம்பத்தைந்துக்கும் நடுவே

வாரத்தில் நான்கு நாள் என் மனைவிக்கு மாலை ஷிப்ட். கிளினிக் பக்கத்தில்தான், காரில் ஐந்து நிமிடம். ஒன்பது மணிக்கு அவள் வாசலில் நிற்பாள், நான் எட்டு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினால் போதும். பையன் எட்டரைக்குள் தூங்கிவிடுவான். மாமனார் எங்களோடு இருப்பதால் வீட்டில் ஆள் உண்டு. ஆக எட்டு முப்பத்தைந்திலிருந்து எட்டு ஐம்பத்தைந்து வரை, அந்த இருபது நிமிடம் மட்டும் முழுக்க என்னுடையது. இங்கே மொரீஷியஸில், எபேனில் நாள் முழுக்க இன்னொருவருடைய சாப்ட்வேரைத் திருத்திவிட்டு, மெட்ரோவில் நின்றுகொண்டே ரோஸ் ஹில் வீட்டுக்கு வந்து, பையனுக்குச் சோறூட்டி, வீட்டுப்பாடம் முடித்து, கதை சொல்லித் தூங்கவைத்த பிறகு மிஞ்சுகிற இருபது நிமிடம்.

அதில் ஒரு நல்ல குறும்படம் பார்க்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. தொடர்கள் எனக்கு ஒத்துவரவில்லை, ஒரு எபிசோடு ஐம்பது நிமிடம், பாதியில் நிறுத்திவிட்டுக் காரை எடுத்தால் மனம் அங்கேயே கிடக்கும். குறும்படம் என்றால் ஆரம்பித்து முடித்துவிட்டுப் போகலாம் அல்லவா? போனை எடுத்து யூடியூபில் சிறந்த குறும்படங்கள் என்று தட்டினேன். அடுத்து நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். ஒன்றைத் திறந்தேன், நாற்பது விநாடியில் மூடினேன். இன்னொன்றில் தயாரிப்பு நிறுவனங்களின் பெயர் அட்டைகளே ஒரு நிமிடம் ஓடின. மூன்றாவது நன்றாக இருக்கும்போலத் தெரிந்தது, மணியைப் பார்த்தால் எட்டு ஐம்பத்திரண்டு. இப்படி ஒரு நாள் இல்லை, ஏறக்குறைய இரண்டு மாதம். கூட்டிப் பார்த்தால் அந்த இரண்டு மாதத்தில் முழுதாகப் பார்த்த படங்கள் ஐந்துகூட இருக்காது. எனக்கு அப்போது இருந்த கோபம் படங்கள்மேல்தான். நல்லதாக யாரும் எடுப்பதில்லை என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் புலம்பினேன்.

தேடல் பெட்டியில் வருகிற முதல் பக்கம் எதைக் காட்டுகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அதிகம் பேர் அழுத்திய படம் அங்கே வரும். அழுத்த வைப்பது தலைப்பும் சின்னப் படமும். அதிர்ச்சி முகம், கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது என்ற உத்தரவாதம், கண்ணீர் வரும் என்ற மிரட்டல். நன்றாக எடுத்த படங்கள் பலவற்றுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. பார்வை எண்ணிக்கையை வைத்துக் குறும்படம் தேடுவது, வாசலில் அதிகம் செருப்பு கிடக்கிற வீட்டில்தான் சமையல் நன்றாக இருக்கும் என்று நம்புவதுபோல. சில நேரம் உண்மையாகவும் இருக்கும், பல நேரம் அது சாவு வீடாக இருக்கும்.

ஒன்றரை வருடக் கதவு

மாறியது ஒரு திரையிடலில்தான். மொரீஷியஸில் 2007 முதல் இல் கூர் என்று ஒரு குறும்பட விழா நடக்கிறது, இங்கே பலருக்கும் தெரியும். அலுவலக நண்பர் இழுத்துப் போக, ஒரு மாலை அங்கே உட்கார்ந்தேன். அன்று பார்த்த ஒரு படம் மனதை விட்டுப் போகவில்லை, மனைவிக்குக் காட்ட வேண்டும் என்றிருந்தது. முடிந்ததும் அதை எடுத்தவரிடமே போய், இது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்டேன். இருபத்தைந்து வயது இருக்கும், சிரித்துக்கொண்டே "எங்கேயும் இல்லை, இன்னும் ஒன்றரை வருடம் கழித்துக் கேளுங்கள்" என்றார். எனக்கு விளங்கவில்லை. படம் முடிந்துவிட்டது, திரையிட்டும் ஆயிற்று, ஏற்றிவிட வேண்டியதுதானே?

அப்புறம் அவர் பொறுமையாகச் சொன்னதுதான் என் தேடலைத் தலைகீழாகத் திருப்பியது. குறும்படத்துக்குத் தியேட்டர் கிடையாது, அதன் தியேட்டர் திருவிழாதான். இணையத்தில் ஏற்கெனவே எல்லாரும் பார்க்கக் கிடக்கும் படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை, சில விழாக்கள் தங்கள் திரையில்தான் முதலில் வர வேண்டும் என்கின்றன. எனவே எடுத்தவர்கள் படத்தைப் பூட்டி வைக்கிறார்கள். நடுவர்களுக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பு மட்டும் போகும். ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலர் இரண்டு வருடம்கூட இப்படி ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இனி அனுப்ப விழா இல்லை என்றானதும் பூட்டைத் திறந்து விமியோவிலோ யூடியூபிலோ போட்டுவிடுகிறார்கள். பரபரப்பு எல்லாம் அடங்கிய பிறகு, ஏதோ ஒரு புதன்கிழமை, யாருக்கும் தெரியாமல்.

அதாவது இந்த வருடம் பேசப்படும் படத்தை இந்த வருடம் தேடினால் கிடைக்காது. எனக்கும் நடந்தது அதுதான். விருது செய்தி வந்த கையோடு தேடுவேன், முன்னோட்டம் மட்டும் வரும், இதெல்லாம் நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிடுவேன். அது திறக்கும்போது நான் மறந்திருப்பேன். செய்ய வேண்டியது பின்னோக்கிப் போவது. இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய விழாக்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அதிலுள்ள பெயர்களைத் தேட வேண்டும். பட்டியல்களை விழாக்களே தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன, பெரும்பாலும் ஓடும் நேரத்தோடு.

இருபது நிமிடக்காரனுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. குறும்படம் என்றால் எவ்வளவு குறுகியது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்கர் விதிப்படி பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான், ஆகவே ஆஸ்கர் பட்டியலில் பாதி எனக்கு உதவாது. கான் விழாவின் குறும்படப் போட்டியில் எல்லை 15 நிமிடம், அதிலும் பெயர்கள் ஓடும் நேரம் அடக்கம். ஆக கானின் பழைய குறும்படப் பட்டியல் மொத்தமும் என் அலமாரிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல. எல்லாம் கிடைக்கும் என்று சொல்லவில்லை, சில படங்கள் உரிமைச் சிக்கலில் எங்கோ மாட்டிக்கொண்டு வெளியே வருவதே இல்லை. ஆனால் கிடைக்கிற படம் ஒருபோதும் என்னை எட்டு ஐம்பத்தைந்தில் நடுவழியில் விடாது.

இதைச் செய்யும் நேரம் அந்த இருபது நிமிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது தெரிய எனக்கு நாளாயிற்று. தேடுவது ஞாயிற்றுக்கிழமை மதியம், முக்கால் மணி நேரம், லேப்டாப்பில். கிடைத்த இணைப்புகளை ஒரு குறிப்பில் ஒட்டி, பக்கத்தில் நிமிடத்தையும் எழுதிவிடுவேன். வார நாளில் குறிப்பைத் திறந்து மேலே உள்ளதை அழுத்துவது மட்டும்தான் வேலை. தேர்ந்தெடுக்க அனுமதி இல்லை. பிடிக்கவில்லை என்றாலும் அதுதான் அன்றைய படம்.

ஒரு பெயரில் நான்கு பேர்

தேடுவது எளிது என்று நினைக்க வேண்டாம். ஒரு உதாரணம் சொல்கிறேன், இதில் எனக்கு ஒரு ஞாயிறு போனது. 2016 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் குறும்படங்களுக்கான பெரிய விருதை வாங்கியது தண்டர் ரோடு என்ற அமெரிக்கப் படம். 13 நிமிடம், ஒரே ஷாட். தாயின் இறுதிச் சடங்கில் ஒரு போலீஸ்காரர் பேச எழுகிறார், அவ்வளவுதான் கதை. எழுதி, இயக்கி, நடித்தது மூன்றும் ஜிம் கம்மிங்ஸ். இந்த விவரத்தை எங்கோ படித்துவிட்டுத் தலைப்பை மட்டும் தட்டினேன். முதலில் வந்தது அதே பெயரில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பிரபலமான பாடல். அடுத்து 1958-இல் வந்த ஒரு பழைய ஹாலிவுட் படம். மூன்றாவதாக, இதே ஜிம் கம்மிங்ஸ் இந்தக் குறும்படத்தை நீட்டி 2018-இல் எடுத்த முழுநீளப் படத்தின் முன்னோட்டம், அதைத்தான் குறும்படம் என்று நினைத்து இரண்டு நிமிடம் பார்த்தேன். சரி, இயக்குநர் பெயரால் தேடலாம் என்றால் ஜிம் கம்மிங்ஸ் என்ற பெயரில் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கும் பிரபலமான நடிகர் ஒருவர் இருக்கிறார், வின்னி த பூ கரடியின் குரல். பக்கம் முழுக்கக் கரடி.

தலைப்பு, இயக்குநர், வருடம், தளம் நான்கையும் சேர்த்துக் கூகிளில் கேட்டபோதுதான் சரியானது வந்தது:

```
"Thunder Road" "Jim Cummings" 2016 short site:vimeo.com
```

வந்ததும் நான் முதலில் பார்ப்பது நிமிடத்தை. விழாப் பட்டியலில் 13 என்று இருந்தால் இங்கேயும் 13-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் என்றால் முன்னோட்டம். தொண்ணூறு நிமிடம் என்றால் வேறு படம். பதினொன்று என்றால், யாரோ எடுத்துத் தன் பக்கத்தில் ஏற்றியிருக்கிறார்கள், கண்டுபிடிப்பு மென்பொருளுக்குச் சிக்காமல் இருக்க வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட பிரதிகளில் குரல்கள் கீச்சென்று இருக்கும், படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கும், சில நேரம் இடம் வலம் மாறி, கடைப் பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். அடுத்தது ஏற்றியவர் யார் என்பது. இயக்குநரோ, தயாரித்தவரோ, விழாவோ, ஒரு நாட்டின் திரைப்பட ஆவணக் காப்பகமோ என்றால் நிம்மதி. பொதுவாக அப்படியான பக்கத்தில் படத்துக்குக் கீழே ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என்று பெயர்கள் எழுதியிருக்கும். திருட்டுப் பக்கத்தில் மணி அடிக்கச் சொல்வது மட்டும்தான் இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட முடியாத வாரங்களும் உண்டு. அப்போது shortoftheweek.com போவேன். பூட்டுத் திறந்து வெளியே வந்த படங்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் எடுத்தோம் என்று ஒரு விமர்சனமும் எழுதிப் போடுகிறார்கள். 2007-இல் தொடங்கிய தளம், எனவே பழைய சரக்கும் நிறைய. விமர்சனத்தைப் படத்துக்கு முன்னால் படிக்காதீர்கள், கதையைச் சொல்லிவிடுவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது

விழாவின் முத்திரை இருந்தால் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை, இதையும் அனுபவித்துவிட்டேன். முத்திரையே இல்லாமல் யாராவது அனுப்பும் படமும் இருக்கிறது, முக்கியமாகத் தமிழ்ப் படங்கள். சென்னையிலிருந்து என் தம்பி மாதம் நான்கு அனுப்புவான், எல்லாமே அவனுடைய நண்பனின் நண்பன் எடுத்தது. இவற்றை நான் ஞாயிற்றுக்கிழமையே ஒரு சோதனை செய்துவிடுவேன். பெயர் அட்டைகளைத் தாண்டி, முதல் ஒன்றரை நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

காரணம் இருக்கிறது. நல்ல கேமரா இப்போது எல்லார் கையிலும் உண்டு. பின்னணி மங்கி முகம் மட்டும் தெளிவாகத் தெரியும் அந்த அழகு போனிலேயே வந்துவிடுகிறது, ஆகவே படத்தின் தோற்றத்தை வைத்து எதையும் சொல்ல முடிவதில்லை. ஒலி அப்படி இல்லை. அதற்கு மைக் பிடிக்கத் தனி ஆள் வேண்டும், எடுத்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்யும் பொறுமை வேண்டும், பிறகு உட்கார்ந்து இழைக்க வேண்டும். அதைச் செய்யாத படத்தில் ஒருவர் பேசும்போது மின்விசிறிச் சத்தம் இருக்கும், எதிரில் இருப்பவர் பதில் சொல்லும்போது மின்விசிறி நின்றுவிடும். கண் திறந்திருந்தால் இது தெரியாது, ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் தோன்றும். கண்ணை மூடினால் கத்தரித்த இடமெல்லாம் காதில் விழும். இன்னொன்று, பியானோ. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே சோகமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டால், காட்சியால் முடியாததை இசையை வைத்து வாங்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இது என் கட்சி, ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். தம்பி ஒத்துக்கொள்வதில்லை. "நீ படம் பார்க்கிறியா, ரேடியோ கேக்கிறியா?" என்கிறான்.

தமிழிலும் நல்லவை இருக்கின்றன என்று சொல்லாவிட்டால் பாவம். கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன், நலன் குமாரசாமி எல்லாரும் கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்து வந்தவர்கள்தான், அந்தக் காலத்துப் படங்களைத் தேடிப் பார்த்தால் சிரித்துக்கொண்டே பத்து நிமிடம் போகும். ஒலி சுமார்தான். என் சோதனையில் அவற்றில் சில தோற்றுவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இருபது வயது

எனக்கு இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை வரை. அன்றைய குறிப்பில் மேலே இருந்தது ஐ ஆம் 20 என்ற இந்திய ஆவணப்படம். 1967-இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எஸ். என். எஸ். சாஸ்திரி எடுத்தது, பிலிம்ஸ் டிவிஷனே யூடியூபில் ஏற்றியிருக்கிறது, நிமிடமும் ஏறக்குறைய இருபதுதான். சுதந்திரம் கிடைத்த 1947-இல் பிறந்தவர்களைத் தேடிப் போய், இருபது வயதில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, என்ன வேண்டும் என்று கேட்கிற படம். அரசாங்கப் பணத்தில் எடுத்த படமாயிற்றே, பாரத மாதாவுக்கு ஜே போடுவார்கள் என்று நினைத்தால், நாட்டின்மேல் பற்றெல்லாம் கிடையாது என்று ஒரு இளைஞன் கேமராவைப் பார்த்தே சொல்கிறான். அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

போனில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமா உள்ளேயிருந்து வந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் தன் நாற்காலியில் ரேடியோவோடு இருப்பார், என் பக்கம் வர மாட்டார். "கி தோ பே கெதே?" என்றார், என்ன பார்க்கிறாய் என்று. அவருக்குக் கிரியோல்தான் மொழி, தமிழ் கோவிலில் மாலை வகுப்பில் படித்தது, தேவாரம் வாசிப்பார், என்னோடு பேசும்போது இரண்டையும் கலப்பார். படத்தில் பலர் ஆங்கிலத்தில் பேசியதால் அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போனை அவர் பக்கம் சாய்த்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்காது, "நிறுத்து" என்றார்.

"எனக்கு இருபது வயது அறுபத்தெட்டில்" என்றார். நான் கணக்குப் போட்டேன். 1968 மார்ச் 12, இந்தத் தீவுக்குச் சுதந்திரம். இவர் 1948 ஜனவரி. நாடு பிறந்தபோது சரியாக இருபது. எட்டு வருடமாக இவர் மருமகனாக இருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. "அன்றைக்கு ஷான் த மார்ஸ் மைதானத்துக்குப் போனீர்களா மாமா?" என்று கேட்டேன். போனாராம், அண்ணனோடு. கொடி ஏறியதைப் பார்க்கவில்லை, முன்னால் நின்றவர்களின் தலையைத்தான் பார்த்தாராம், சத்தம் எழுந்ததை வைத்து ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டாராம். அந்த ஜனவரியில்தான் தலைநகர் போர் லூயியில் கலவரம் நடந்தது, அதனால் அம்மா இருவரையும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டி கட்டிக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் போனில் உறைந்து நிற்கும் ஒரு இருபது வயது முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. கடைசியில், "என்னிடம் யாரும் இப்படி மைக் நீட்டவில்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல.

மணி ஒன்பது பத்து. மனைவி வாசலில் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், தூறல் வேறு. "எங்கே போனீங்க?" என்றாள். உங்கள் அப்பா பேசிக்கொண்டிருந்தார் என்றேன். "அப்பாவா?" என்றாள். வீடு வரும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தப் படத்தை முடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. மறுநாள் எட்டரைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் ஓடும், நிறுத்தச் சொல்வார், பேசுவார். என் விதிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை, இருபது நிமிடப் படத்தை இருபது நிமிடத்தில் பார்க்க முடியாமல் போன ஒரே வாரம் அது. இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் அவருக்கும் பங்கு. பேச்சே இல்லாத படமாகவோ, பிரெஞ்சுப் படமாகவோ வேண்டும் என்கிறார், கீழே ஓடும் எழுத்து அவர் கண்ணுக்குச் சிறியது. அதற்குக் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத் தளம் உதவுகிறது. nfb.ca ஆங்கிலத்துக்கு, onf.ca பிரெஞ்சுக்கு, பழைய குறும்படங்கள் இலவசம். அங்கே 1952-இல் நார்மன் மெக்லாரன் எடுத்த நெய்பர்ஸ் பார்த்தோம், 8 நிமிடம், ஒரு வசனம் கிடையாது, ஒரு பூவுக்காக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி போட்டு அடித்துக்கொண்டு சாகும் வரை. மாமா முதல் பாதியில் சிரித்தார். பிறகு எங்கள் மாமரக் கிளை தொங்கும் பக்கத்து வீட்டுச் சுவரை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஐ ஆம் 20-இல் ஒரு இளைஞர் வருவார், ரயிலேறி நாடு முழுவதையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசையைச் சொல்வார். போன வாரம் காரில் போகும்போது, திடீரென்று, "அந்த ரயில் பையன் போனானா?" என்று கேட்டார் மாமா. படத்தில் அது இல்லை என்றேன். "அவனுக்கும் என் வயதுதான் இருக்கும், ஒரு வயது கூட" என்றார். சிக்னலில் பச்சை விழுந்தது, பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்.